மதுவும் பக்கவாதமும்: மெண்டலியன் ரேண்டமைசேஷன், படிப்படியாக

கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவு, அறவே குடிக்காதவர்களுக்கு அதைவிடச் சற்று அதிகம். பல ஆய்வுகளில் இப்படி ஒரு வளைவு வந்தது. ஆனால் குடிக்காதவர்கள் என்ற கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள்? உடம்பு கெட்டுப்போய், டாக்டர் சொல்லி நிறுத்தியவரும் அதில்தான் இருக்கிறார். அப்படியானால் மது காப்பாற்றியதா, நோய் மதுவை நிறுத்தியதா என்று இந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிறப்பிலேயே வரும் மரபணு வித்தியாசத்தை வைத்து இந்த முடிச்சை அவிழ்க்கும் முறைதான் மெண்டலியன் ரேண்டமைசேஷன்.

படி 1: கருவியைத் தேடுங்கள்

நமக்கு வேண்டியது, குடிக்கும் அளவை மாற்றக்கூடிய, ஆனால் நோயோ வருமானமோ தொட முடியாத ஒன்று. பொருளாதாரத்தில் இதைக் கருவி மாறி என்பார்கள். கிழக்கு ஆசியர்களிடம் அப்படி ஒன்று பிறப்பிலேயே இருக்கிறது: ALDH2 மரபணுவில் உள்ள rs671 என்ற இடம். அங்கே G-க்குப் பதில் A இருந்தால், மதுவிலிருந்து உருவாகும் அசிட்டால்டிஹைடு சீக்கிரம் சிதையாது. இரண்டு மடக்கிலேயே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். அதனால் A உள்ளவர்கள் குறைவாகவே குடிக்கிறார்கள். பெற்றோரிடம் உள்ள இரண்டு பிரதிகளில் எது பிள்ளைக்குப் போகும் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. பெயரில் உள்ள ‘ரேண்டமைசேஷன்’ இதுதான்.

படி 2: வகுத்துப் பாருங்கள்

கணக்கு புரிவதற்காக மட்டும் சில கற்பனை எண்கள். A உள்ளவர்கள் வாரத்துக்கு 120 கிராம் ஆல்கஹால் குறைவாகக் குடிக்கிறார்கள், அவர்களுடைய மேல் ரத்த அழுத்தம் 3 புள்ளி குறைவு என்று வைத்துக்கொள்வோம்.

```r
bx <- -120   # மரபணு -> மது
by <- -3     # மரபணு -> ரத்த அழுத்தம்
by / bx      # 0.025
```

அதாவது 100 கிராமுக்கு 2.5 புள்ளி. இங்கே ஆரம்பநிலையில் பலரும் செய்யும் தவறு, குடிப்பவர்களை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்குப் போடுவது. முகம் சிவந்தும் விடாமல் குடிக்கும் A-காரர் வேறு விதமான ஆள்; அவரை மட்டும் வைத்துக்கொண்டால் குலுக்கல் கெட்டுவிடும். எல்லோரையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

படி 3: மூன்று அனுமானங்களையும் விமர்சகர் கையில் கொடுங்கள்

இதை நிஜமாகச் செய்தது சீனாவின் கடூரி பயோபேங்க் ஆய்வு. முடிவுகள் 2019-இல் லான்செட் இதழில் வந்தன. குடித்த அளவை அவரவர் சொன்னபடி வைத்துப் பார்த்தபோது, வாரம் 100 கிராம் அளவில் பக்கவாத ஆபத்து மிகக் குறைவாக இருந்தது. மரபணுவை வைத்துப் பார்த்தபோது அந்தப் பள்ளம் மறைந்துபோனது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது. வாரம் 280 கிராம் கூடினால், ரத்த அடைப்பால் வரும் பக்கவாதம் 1.27 மடங்கு, மூளையில் ரத்தம் கசிவதால் வருவது 1.58 மடங்கு.

இந்த முறை மூன்று அனுமானங்களின் மேல் நிற்கிறது. முதல் அனுமானம், மரபணு உண்மையிலேயே குடியை மாற்ற வேண்டும். கருவியின் பலத்தை அளக்கும் F எண் 10-க்குக் கீழே போனால் விமர்சகர் பிடித்துக்கொள்வார். இந்த ஆய்வில் மரபணுவையும் ஊரையும் வைத்துக் கணித்த சராசரி, ஆண்களிடம் வாரம் 4 கிராமிலிருந்து 256 கிராம் வரை விரிந்தது. இங்கே அவருக்கு வேலை இல்லை.

இரண்டாவது, மரபணுவுக்கும் நோய்க்கும் பொதுவான பின்னணி இருக்கக் கூடாது. இங்கே அடி பலமாக விழும். A வடிவம் சீனாவின் தெற்கில் அதிகம், வடக்கில் குறைவு. பக்கவாதமோ வடக்கில் அதிகம். ஊரைக் கணக்கில் எடுக்காவிட்டால், வட்டாரங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் மதுவின் விளைவு போலத் தெரியும். அதனால் ஒரே ஊர்க்காரர்களுக்குள்தான் ஒப்பிட வேண்டும். உடன்பிறந்தவர்களுக்குள் ஒப்பிட்டால் இன்னும் உறுதி. குலுக்கல் உண்மையில் நடப்பது குடும்பத்துக்குள்தானே.

மூன்றாவது, மரபணு மது வழியாக மட்டுமே நோயைத் தொட வேண்டும். இதை நேரடியாக நிரூபிக்க வழியே இல்லை, ஆகவே விமர்சகர் கடைசிவரை விடமாட்டார். ALDH2 உடம்பில் வேறு ஆல்டிஹைடுகளையும் சிதைக்கிறது, அந்த வழியில் பக்கவாதம் வரலாமே என்பார். இதற்கான பதில் எனக்கு மிகவும் பிடித்தது: பெண்கள். ஆண்களில் சுமார் 33 சதவீதம் பேர் பெரும்பாலான வாரங்களில் குடித்தார்கள். பெண்களில் 2 சதவீதம்தான். மரபணு வேறு வழியில் வேலை செய்தால் பெண்களிடமும் ஆபத்து கூடியிருக்க வேண்டும். கூடவில்லை.

சரி, விமர்சகர் இன்னொரு அம்பு வைத்திருக்கிறார். A உள்ளவர் ஒரு கிராம் குடித்தாலும் அவர் உடம்பில் அசிட்டால்டிஹைடு அதிகம் தங்குகிறது. அவருடைய ஒரு கிராமும் மற்றவருடைய ஒரு கிராமும் ஒன்றா? குடிக்காத பெண்களை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் செய்வது, ஒரு G, ஒரு A உள்ள GA வகையினரை ஒதுக்கிவிட்டு, இரண்டு பிரதியும் ஒன்றாக உள்ள GG, AA இரண்டையும் மட்டும் ஒப்பிடுவது. AA ஆண்கள் அநேகமாகக் குடிப்பதே இல்லை, அதனால் அவர்களிடம் அசிட்டால்டிஹைடு சேரவும் வழியில்லை. அந்த ஒப்பீட்டிலும் ஆபத்து அதே திசையில் போனால், அம்பு தைப்பது எத்தனை மடங்கு என்ற எண்ணைத்தான், திசையை அல்ல.