எண்ணெய் பாட்டில் படத்தை அச்சுக்கு அனுப்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசமுத்திரம் பக்கம் செக்கு வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், தன் நல்லெண்ணெய்க்கு ஏஐ கருவியில் ஒரு விளம்பரப் படம் செய்து வைத்திருந்தார். பித்தளைத் தாம்பாளத்தில் கண்ணாடி பாட்டில், பின்னால் சற்றுத் தள்ளிச் சுவரில் தொங்கும் பத்தமடைப் பாய். “நல்லாத்தான இருக்கு, அப்படியே ஃப்ளெக்ஸுக்குக் குடுத்திரலாமா?” என்று கேட்டார்.

செல்போனில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஃப்ளெக்ஸுக்குப் போகும் படத்தைச் செல்போன் அளவில் பார்த்து முடிவெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மூலை மூலையாக நகர்த்திப் பார்க்க வேண்டும். பார்த்து முடிக்கும் முன்பே படத்தைப் பெரிதாக்கும் மென்பொருளில் போட்டுவிடுவது இன்னொரு தவறு. அது மங்கலான கிறுக்கலைக் கூர்மையாக்கி, நிஜ எழுத்துப் போலக் காட்டிவிடும். பிறகு பிழை கண்ணில் படாது.

முதலில் பாட்டிலின் வடிவம். கேமரா சற்று மேலிருந்து பார்த்தால் மூடி, எண்ணெய் மட்டம், அடிப்பாகம் மூன்றும் நீள்வட்டமாகத் தெரியும். கீழே போகப் போக நீள்வட்டம் முழு வட்டத்தை நெருங்கி வர வேண்டும். இதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க வேண்டாம், அளந்துவிடலாம். அண்ணாச்சியின் படத்தில் மூடி 300 பிக்சல் அகலம், 60 உயரம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அடிப்பாகம் 520 அகலம். அப்படியென்றால் உயரம் 104-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 70. மூடியை ஒரு கோணத்திலும் அடியை வேறு கோணத்திலும் எடுத்து ஒட்டியது போல.

பாட்டிலின் தோள் இருபுறமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. போட்டோஷாப் போன்ற மென்பொருளில் பாட்டிலை மட்டும் வெட்டி, அதன் நகலை இடவலமாகத் திருப்பி மேலே வைத்து, அந்த லேயரின் blend mode-ஐ Difference-க்கு மாற்றுங்கள். இரண்டு ஓரமும் பொருந்தினால் விளிம்பு கறுப்பாகிவிடும். பொருந்தாத இடம் வெளிச்சமாகத் தெரியும். உள்ளே ஒளி ஒரு பக்கம் கூடுதலாக இருப்பது இயல்புதான், ஓரத்தை மட்டும் கவனியுங்கள்.

அடுத்து, பெரும்பாலானோர் பார்க்காமல் விடும் இடம்: எண்ணெய் வழியாகத் தெரியும் பின்னணி. எண்ணெய் நிறைந்த உருளை பாட்டில் ஒரு லென்ஸாக வேலை செய்யும். தள்ளி இருக்கும் பொருள் அதன் வழியே இடவலம் மாறித் தெரியும். மேல் கீழ் மாறாது. பாயில் இடப்பக்கம் சிவப்புக் கோடும் வலப்பக்கம் பச்சைக் கோடும் இருந்தால், எண்ணெய்க்குள் சிவப்பு வலப்பக்கம் வர வேண்டும். இந்தப் படத்தில் கோடுகள் ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தது போல நேராகவே வந்திருந்தன. பாட்டிலின் கழுத்தில் எண்ணெய் இல்லாத இடத்தில் இப்படி நேராகத் தெரியலாம். பாட்டிலை ஒட்டினாற்போல் இருக்கும் பொருளும் மாறாது. அதனால் தூரத்தையும் பார்த்துவிட்டுத்தான் தவறு என்று சொல்ல வேண்டும்.

தாம்பாளத்தில் விழும் பிம்பம் பாட்டிலின் அடியிலிருந்தே தொடங்கி, நேர் கீழே, தலைகீழாக இருக்க வேண்டும். இங்கே லேபிள் எழுத்து பிம்பத்திலும் நிமிர்ந்து நின்றது! பாட்டிலில் இரண்டு மூன்று ஒளிப்புள்ளிகள் இருப்பதை மட்டும் வைத்துப் படத்தை ஒதுக்காதீர்கள். அறையில் இரண்டு ஜன்னல் இருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

சரி, லேபிள். ‘ண’வுக்குச் சுழி ஒன்று குறைந்து ‘ன’ ஆவது, புள்ளி காணாமல் போவது, ‘ழ’ யாரும் அறியாத வடிவில் வருவது எல்லாம் சாதாரணம். கடைப் பெயரைத் திருத்தினால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. ஓரத்தில் இருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணை எண்ணிப் பாருங்கள், 14 இலக்கம் இருக்க வேண்டும். கருவி எழுதியதில் தற்செயலாக 14 வந்தாலும் அது உங்கள் எண் ஆகாது. பார்கோடும் அப்படியே: பெரும்பாலும் ஸ்கேன் ஆகாது, ஸ்கேன் ஆனாலும் உங்கள் பொருளைக் காட்டாது. நீங்கள் வாங்காத அக்மார்க் முத்திரையை அது தானாகவே சேர்த்திருந்தால் உடனே அழித்துவிடுங்கள். அது அழகுப் பிரச்சினை இல்லை, சட்டப் பிரச்சினை.

லேபிளைக் கருவியிடம் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம். வெற்று பாட்டிலாக உருவாக்கிவிட்டு, அச்சகத்துக்குக் கொடுத்த உங்கள் அசல் லேபிள் ஃபைலை மேலே ஒட்டுங்கள். தட்டையாக ஒட்டினால் உடனே தெரிந்துவிடும். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அந்தந்த உயரத்து நீள்வட்டத்தோடு வளைய வேண்டும், ஓரத்து எழுத்துகள் நெருங்க வேண்டும். அப்புறம் தாம்பாளத்துப் பிம்பத்திலும் மாற்ற வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

அண்ணாச்சி விற்பது சதுர பாட்டில் என்று கடைசியில்தான் தெரிந்தது. அப்படியானால் திருத்திப் பயனில்லை. அசல் பாட்டிலை ஜன்னலோரம் வைத்துப் போட்டோ எடுத்து, பின்னணியை மட்டும் உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் கண்ணாடிக்குள் உங்கள் வீட்டுச் சுவர்தான் தெரியும், அதையும் மாற்ற வேண்டி வரும். எடுக்கும்போதே பின்னால் நிஜப் பாயைத் தொங்கவிட்டுவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.