டெஸ்க் போட்டோவில் இருப்பது எத்தனை இன்ச் மானிட்டர்? அளந்து பார்த்து, 15,000 ரூபாய்க்குள் அதே மாதிரி வாங்குவது

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் உள்ள ஒரு டெஸ்க் போட்டோவை எடுத்துக்கொண்டு காந்திபுரத்துக் கடையில் போய் "இதே மாதிரி வேணுங்க" என்று கேட்டால், கடைக்காரர் ஒரு குத்துமதிப்புதான் சொல்வார். மானிட்டரின் அளவைக் கண்ணால் கணிப்பதில்தான் பெரும்பாலும் பிசகும். அதற்கு வேண்டிய அளவுகோல் போட்டோவிலேயே இருக்கிறது. அது கீபோர்டு.

எந்தக் கம்பெனி கீபோர்டாக இருந்தாலும், வழக்கமான அமைப்பில் பெரும்பாலும் ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர். எண் வரிசையின் இடது ஓரக் கீ முதல் பேக்ஸ்பேஸ் முடிய 15 கீ அகலம், அதாவது சுமார் 28.6 செ.மீ. நம்பர் பேட் இல்லாத சின்ன கீபோர்டிலும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

படி 1. போட்டோவை பெயின்ட்டில் திறந்து, செலக்ட் கருவியால் அந்த 28.6 செ.மீ. பகுதியைச் சுற்றி இழுங்கள். கீழ்ப்பட்டியில் எத்தனை பிக்சல் என்று காட்டும். நம் எடுத்துக்காட்டுப் போட்டோவில் 715. ஆக, கீபோர்டு இருக்கும் இடத்தில் ஒரு செ.மீ.க்கு 25 பிக்சல்.

படி 2. மானிட்டரில் ஒளிரும் பகுதியின் அகலத்தை மட்டும் அளங்கள், சுற்றியுள்ள கறுப்பு விளிம்பைச் சேர்க்க வேண்டாம். நமக்கு வந்தது 1195 பிக்சல். 25-ஆல் வகுத்தால் 47.8 செ.மீ. மானிட்டரின் இன்ச் மூலைக்கு மூலை அளப்பது. அந்தக் கணக்கில் இது ஏறக்குறைய 21.5 இன்ச் மானிட்டரின் அகலம். இங்கேயே நிறுத்தினால் ஏமாந்துவிடுவீர்கள். மானிட்டர் கீபோர்டுக்குப் பின்னால் தள்ளி இருப்பதால், போட்டோவில் சின்னதாகத் தெரிகிறது.

படி 3. இந்தப் பிசகை மேசையே திருத்தித் தரும். முன்னும் பின்னும் மேசையின் நிஜ அகலம் ஒன்றுதான். கீபோர்டு இருக்கும் கோட்டில் மேசை 3000 பிக்சல், மானிட்டரின் கால் இருக்கும் கோட்டில் 2400. மூவாயிரத்தை 2400-ஆல் வகுத்தால் 1.25. அப்படியானால் 47.8 × 1.25 = 59.75 செ.மீ. 27 இன்ச் அகல மானிட்டர் 59.8 செ.மீ. இருக்கும், 24 இன்ச் என்று விற்பது 52.7 செ.மீ. எனவே இது 27 இன்ச். 3000-ஐ 25-ஆல் வகுத்தால் மேசை 120 செ.மீ. வருகிறது. கடையில் விற்கும் 4 அடி மேசையோடு ஒத்துப்போவதால் கணக்கு சரி.

பக்கவாட்டில் நின்று எடுத்த போட்டோவிலும், 0.5 லென்ஸில் எடுத்ததிலும் ஓரங்கள் இழுபட்டிருக்கும். அவற்றில் இந்தக் கணக்கு நிற்காது.

படி 4. கீபோர்டையும் மவுஸையும் உருவத்தால் பிடிக்கலாம். கீக்களை எண்ணுங்கள்: நம்பர் பேட்டோடு 104, அது இல்லாமல் 87, இன்னும் நெருக்கியது 84 வாக்கில். நம் போட்டோவில் 84, சாம்பல் நிறம், எஸ்கேப் மட்டும் ஆரஞ்சு. கீக்ரான் கே2 போலத் தெரிகிறது. ஆனால் ஆரஞ்சுக் கீயைத் தனியாக வாங்கி யாரும் மாட்டலாம், அதை மட்டும் நம்பக் கூடாது. மவுஸில் கட்டைவிரல் பக்கம் இரண்டாவது சக்கரம் இருந்தால் லாஜிடெக் எம்எக்ஸ் மாஸ்டர் குடும்பம். அதில் 3-ஆ 3எஸ்-ஆ என்பது போட்டோவில் தெரியாது. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்று, மாற்றம் உள்ளே இருக்கும் சென்சாரிலும் கிளிக் சத்தத்திலும்தான். மானிட்டர் 4கே-யா என்பதும் அப்படியே, அளவை வைத்துச் சொல்ல முடியாது.

படி 5. இனி வாங்குவது. 27 இன்ச்தான் வேண்டும் என்று அடம் பிடித்து விலை குறைந்த ஃபுல் எச்டி மானிட்டரை எடுக்காதீர்கள். அதில் இன்ச்சுக்கு 82 புள்ளிதான். எழுத்து சொரசொரவென்று தெரியும். அதே ஃபுல் எச்டி 24 இன்ச்சில் 92 புள்ளி வரும். ஐபிஎஸ் வகைத் திரையும், நொடிக்கு 100 முறை படத்தைப் புதுப்பிக்கும் 100 ஹெர்ட்ஸும் உள்ள 24 இன்ச் சுமார் 9,000 ரூபாய்க்குக் கிடைக்கும். போட்டோவில் மானிட்டர் ஆர்ம் எனும் தாங்கியில் தொங்கினால், வாங்குவதன் பின்னால் 100 × 100 மி.மீ. அல்லது 75 × 75 மி.மீ. திருகுத் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டில் போட்டோவைக் காப்பியடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. திருப்பூர் பனியன் கம்பெனியில் டேலி போடுகிறவருக்கு நம்பர் பேட் இல்லாத கீபோர்டு எத்தனை அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை. அதே சாம்பல் நிறத்தில் 104 கீ மெக்கானிக்கல் 3,000 ரூபாய்க்குள் பாருங்கள். மவுஸுக்கு 1,500 போதும். பக்கவாட்டுச் சக்கரத்தை விட்டுவிடலாம், கைக்கு அடங்குகிறதா என்பதுதான் கணக்கு.

கடையிலேயே மானிட்டரைப் போட்டு, முழுக் கறுப்புப் படம் ஒன்றும் முழு வெள்ளைப் படம் ஒன்றும் திறந்து பாருங்கள். அணையாத, எரியாத புள்ளி இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். வீட்டில் மாட்டியதும் விண்டோஸ் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். விண்டோஸ் 11-இல் `Settings > System > Display > Advanced display` போய் 100-க்கு மாற்றுங்கள். அங்கே 100 வரவில்லை என்றால் பழைய கேபிளைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் வந்ததைச் செருகிப் பாருங்கள்.