நண்பன் கேட்கும் தள்ளுபடி: மறுப்பதில் கடைக்காரர்கள் செய்யும் தவறுகள்

வீடு கட்டும் நண்பன் எலக்ட்ரிகல் கடைக்கு வந்து, “மச்சான், எனக்கு என்ன ரேட்டு போடுவ?” என்று கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் வாயில் முதலில் வருவது “பார்த்துக்கலாம் வாடா” என்பதுதான். சொல்பவருக்கு அது நழுவல். கேட்பவன் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வான். எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து எஸ்டிமேட் போட்டு, ஒயர் காயில்களை எல்லாம் குட்டியானையில் ஏற்றிய பிறகு பில்லைப் பார்த்து முகம் மாறுவான். அந்த நேரத்தில் மறுத்தால் அது எலக்ட்ரீஷியன், டிரைவர், கூட வந்த மாமனார் எல்லோர் முன்னாலும் நடக்கும். விலையைவிட அந்த அவமானம்தான் நட்பைக் கெடுக்கிறது. ஆகவே எஸ்டிமேட்டில் கை வைப்பதற்கு முன்பே, தனியாக, போனில் என்றாலும் சரி, மறுப்பைச் சொல்லிவிட வேண்டும்.

அப்படிச் சொல்ல முதலில் தன் கணக்கு தனக்குத் தெரிய வேண்டும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடை. நண்பனின் வீட்டுக்கு ஒயர், ஸ்விட்ச், ஃபேன் எல்லாம் சேர்த்து வரிக்கு முன் 80,000 ரூபாய். சரக்கின் கொள்முதல் 70,400. மிச்சம் 9,600, அதாவது 12 சதவீதம். இதில் வாடகை, சம்பளம், கரண்ட் பில் என்று இந்த விற்பனையின் பங்காக 4,000 போனால் கையில் நிற்பது 5,600. நண்பன் கேட்பது “ஒரு பத்து பர்சென்ட்தானே”. அது 8,000 ரூபாய். கொடுத்தால் மிச்சம் 1,600; செலவைக் கழித்தால் 2,400 ரூபாய் கைநஷ்டம். போன 8,000-ஐ அதே மார்ஜினில் மீட்க இன்னும் சுமார் 67,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். கேட்பவனுக்குப் பத்து என்பது எண்பதாயிரத்தில் பத்து. கடைக்காரருக்கு அது தன் லாபத்தையும் தாண்டிப் போகிற தொகை.

இந்தக் கணக்கை நண்பனிடம் விளக்க உட்காருவது அடுத்த தவறு. கொள்முதல் பில்லை எடுத்துக் காட்டினால் பேச்சு அங்கே முடியாது. “அப்போ ஆறு பர்சென்ட் குடு, உனக்கும் நிக்கும்” என்று உங்கள் லாபத்தை அவனே பங்கு போட ஆரம்பிப்பான். “நானே அந்த விலைக்குத்தாண்டா வாங்குறேன்” என்று பொய் சொல்வது அதைவிட மோசம். ஒயருக்கு லிஸ்ட் விலையில் எத்தனை சதவீதம் கழியும் என்பது ஊரில் எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். சாயங்காலமே விஷயம் வெளியே வரும். விலை குறைக்காததை மன்னிக்கிற நண்பன்கூட பொய்யை மறக்க மாட்டான்.

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு “உனக்கு மட்டும், யார்கிட்டயும் சொல்லாத” என்பது. எலக்ட்ரிகல் கடையில் ரகசிய விலை என்று ஒன்று கிடையாது. பில்லை வாங்கிப் பார்ப்பவர் எலக்ட்ரீஷியன். அவர் கையில் இன்னும் நாலு வீட்டு வேலை இருக்கும். அடுத்த வாரம் அந்த நாலு பேரும் அதே விலையைக் கேட்டு வருவார்கள். கூடவே பில்லின் போட்டோவும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். 80,400-ஐ ‘ரவுண்டாக’ 78,000 ஆக்குவதும் இதே கதைதான். ரவுண்ட் செய்தது யாருக்கும் நினைவிருக்காது, 2,400 குறைத்தது மட்டும் நினைவிருக்கும்.

குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஆளைப் பார்த்துக் குறைக்காமல் நிபந்தனையைப் பார்த்துக் குறைக்கலாம். உதாரணமாக, ஐம்பதாயிரத்துக்கு மேல் ஒரே பில், அன்றைக்கே முழுப் பணம் என்றால் 2 சதவீதம். இதைக் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டிவிட வேண்டும். நண்பனின் பில்லில் அது 1,600 ரூபாய், தாங்கக்கூடியது. முன்பின் தெரியாதவர் கேட்டாலும் அதேதான் என்பதால் முன்னுதாரணம் என்ற பிரச்சினை எழாது. தள்ளுபடி பில்லிலேயே காட்டப்பட வேண்டும். அப்போதுதான் குறைந்த தொகைக்கு மட்டும் ஜிஎஸ்டி விழும்.

வார்த்தை எப்படி இருக்கலாம்? “டேய், ரேட்டுல கை வைக்க மாட்டேன்டா. இங்க எல்லாருக்கும் ஒரே வெலைதான். பிரிக்காத காயில் மிஞ்சினா பதினைஞ்சு நாளுக்குள்ள கொண்டா, எடுத்துக்கறேன்.” இவ்வளவுதான். மறுப்பு, காரணம், செய்யக்கூடியது. அதற்குமேல் “தப்பா எடுத்துக்காத மச்சான்” என்று நாலு தடவை சொன்னால், ஏதோ தப்பு செய்துவிட்டதாக நீங்களே ஒப்புக்கொண்டதாகும்; அடுத்த சுற்றுப் பேரமும் தொடங்கும். காயிலைத் திரும்ப எடுப்பது வெறும் ஆறுதலுமல்ல. வீட்டு வயரிங்கில் அளவு அதிகமாகப் போட்டு வாங்குவது சகஜம். 90 மீட்டர் காயில் இரண்டு மிஞ்சினால் அந்தப் பணம் அவன் கேட்ட தள்ளுபடியில் நல்ல பங்கு. அறுத்த காயிலும் பிரித்த ஸ்விட்சும் திரும்பாது என்பதை மட்டும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

“பாண்டில கம்மியா கெடைக்குது” என்ற அஸ்திரமும் வரும். 2017 ஜூலைக்கு முன்பு அதில் உண்மை இருந்தது. புதுச்சேரியில் பல பொருள்களுக்கு வரி குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் பஸ் ஏறினார்கள். ஜிஎஸ்டி வந்தபின் இரண்டு ஊரிலும் ஒரே வரிதான்; ஒயருக்கும் ஸ்விட்சுக்கும் இப்போது 18 சதவீதம். இங்கே கோபப்பட்டு விலையைக் குறைப்பதும் தவறு, அந்தக் கடையைத் திட்டுவதும் தவறு. அங்கே சொன்ன கொட்டேஷனை வாங்கி, அதே பிராண்டா, ஒயரின் கனம் அதே சதுர மில்லிமீட்டரா, வரி சேர்த்த விலையா என்று வரிவரியாகப் பாருங்கள். நிஜமாகவே குறைவு என்றால் “அங்கயே வாங்குடா, நல்ல வெலை” என்று சொல்லிவிடலாம். ஒரு வியாபாரம் போகும், அடுத்த தடவை உங்கள் விலையை அவன் சந்தேகப்பட மாட்டான்.

அடுத்து “பில் இல்லாம போடேன்” என்பான். 80,000-க்கு வரி 14,400 என்பதால் ஆசை புரிகிறது. ஒப்புக்கொண்டால் கடையின் ஸ்டாக் கணக்கு இடிக்கும். பிடிபட்டால் பத்தாயிரம் அல்லது ஏய்த்த வரித்தொகை, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். நண்பனுக்குச் சொல்ல வேண்டியது வேறு: ஆறு மாதத்தில் ஃபேன் நின்றால் பில் இல்லாமல் வாரண்டி கேட்டு அலைய வேண்டியவன் அவன்தான்.

தள்ளுபடி தரவில்லையே என்ற கூச்சத்தில் “காசு மெதுவா குடு” என்பவர்களும் உண்டு. தள்ளுபடியில் 8,000 போகும். கடனில் 80,000-மும் நட்பும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது.

கொடுக்க மனம் இருந்தால் அதற்கு இடம் கிரகப்பிரவேசம். ஒரு ஃபேனை உங்கள் சொந்தக் காசில் உங்கள் கடையிலேயே பில் போட்டு எடுத்து, குடும்பத்தோடு போய்க் கொடுங்கள். அவன் பில்லில் அதைப் பூஜ்யம் ரூபாய் என்று சேர்த்துவிடாதீர்கள். எலக்ட்ரீஷியன் அதையும் படிப்பார்.