லக்னாதிபதி 12-ல் மறைந்தால் என்ன? ஒரு ஜாதகத்தை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்

தேவிப்பட்டினம் நவபாஷாணத்துக்குப் பரிகாரம் செய்ய வருகிறவர்களில் சிலர், "லக்னாதிபதி மறைஞ்சிட்டாராம், வாழ்க்கையே சரியா வராதாம்" என்ற பயத்தோடு வருகிறார்கள். யாரோ கட்டத்தைப் பார்த்து, 12-ஆம் வீட்டில் லக்னாதிபதி இருப்பதைக் கண்டு, அந்த ஒரு வாக்கியத்தோடு பலனை முடித்திருப்பார். கும்பிட்டுப் போவது நல்லதுதான். ஆனால் அந்த ஜாதகம் இன்னும் படிக்கப்படவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

லக்னாதிபதி என்பவர் ஜாதகரே. அவர் எந்த வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த வீட்டின் விஷயங்களை நோக்கித்தான் வாழ்க்கை நகரும். அந்த நகர்வு சுகமா சிரமமா என்பது தனிக் கேள்வி. அதற்கு வேறு இடத்தில் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு 12-ஆம் வீட்டை விட நல்ல பாடம் கிடையாது. அதனால் மற்ற வீடுகளை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, இதை மட்டும் முழுதாகப் பார்ப்போம்.

பயிற்சிக்கு ஒரு பிறப்பு நேரத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்: 1995 ஆகஸ்ட் 20, பிற்பகல் 3 மணி, தேவிப்பட்டினம். உங்கள் போனில் உள்ள ஜாதக ஆப்பில் இதைப் போட்டு, ராசிக் கட்டத்தை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: லக்னத்தையும் அதன் அதிபதியையும் பிடியுங்கள்

நம் கட்டத்தில் ராசிகள் இடம் மாறுவதில்லை. இடது மேல் மூலை எப்போதும் மீனம், அதற்கு அடுத்தது மேஷம், அப்படியே வலப்புறமாகச் சுற்றி வரும். "ல" என்று எழுதியிருக்கும் கட்டம் லக்னம். நம் உதாரணத்தில் அது இடது கீழ் மூலையில், தனுசில் இருக்கிறது. தனுசுக்கு அதிபதி குரு. ஆக, இந்த ஜாதகத்தின் லக்னாதிபதி குரு.

மற்ற லக்னங்களுக்கு: மேஷம், விருச்சிகத்துக்குச் செவ்வாய், ரிஷபம், துலாத்துக்குச் சுக்கிரன், மிதுனம், கன்னிக்குப் புதன், கடகத்துக்குச் சந்திரன், சிம்மத்துக்குச் சூரியன், மகரம், கும்பத்துக்குச் சனி, தனுசைப் போலவே மீனத்துக்கும் குரு.

இங்கே ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை லக்னம் மாறும். ஒரு பாகை நகர நான்கு நிமிடம் போலத்தான் ஆகும். நம் உதாரணத்தில் லக்னம் தனுசில் 11 பாகை அளவில் இருக்கிறது. பிறந்த நேரம் கால் மணி முன்பின் ஆனாலும் தனுசுதான். ஆனால் ஒருவருக்கு லக்னம் 1 பாகையிலோ 29 பாகையிலோ நின்றால், பத்து நிமிடத் தவறுகூட லக்னாதிபதியையே மாற்றிவிடும். வீட்டில் பிறந்த அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு "படகெல்லாம் கரைக்கு வந்த நேரம்" என்றுதான் குறிப்பு இருக்கும். அப்படிப்பட்ட ஜாதகத்தில் முதலில் இரண்டு லக்னத்துக்கும் பலன் பார்த்து, கடந்துபோன வாழ்க்கையோடு எது பொருந்துகிறது என்று ஒப்பிட்ட பிறகே மேலே போக வேண்டும்.

படி 2: எத்தனையாவது வீடு என்று எண்ணுங்கள்

லக்னக் கட்டத்தையே 1 என்று வைத்துக் கடிகாரம் சுற்றும் திசையில் எண்ணுங்கள். தனுசு 1, மகரம் 2, கும்பம் 3, மீனம் 4 என்று போனால் விருச்சிகம் 12. குரு விருச்சிகத்தில் இருக்கிறார். புதிதாகப் படிப்பவர்கள் லக்னத்துக்கு அடுத்த கட்டத்தை 1 என்று வைத்துவிடுவது உண்டு. அப்போது 12-ல் இருப்பவர் 11-ல் இருப்பதாகத் தெரிவார், பலன் தலைகீழாகிவிடும். சந்திரன் நிற்கும் ராசியிலிருந்து எண்ணுவது இன்னொரு தவறு. கோசாரத்துக்கு ராசியிலிருந்து எண்ணுகிறோமே என்ற பழக்கத்தில் வருவது அது.

படி 3: அந்த வீடு எதைக் குறிக்கிறது?

12-ஆம் வீடு விரய ஸ்தானம். செலவு, தூர தேசம், தூக்கம், மருத்துவமனை, ஆசிரமம், மோட்சம் எல்லாம் இதற்குள் வரும். இத்தனையையும் ஒரே ஆள் தலையில் கட்ட முடியாது. இங்கேதான் தேச கால வர்த்தமானம் பார்க்கச் சொன்னார்கள் பெரியவர்கள். பிறந்த மண்ணில் இந்த வீடு எப்படி நடக்கும் என்று யோசிக்க வேண்டும்.

நம் கரையில் அதற்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. தொண்டியிலும் கீழக்கரையிலும் வளைகுடா நாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு. பாம்பன், ராமேசுவரம் பக்கம் ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டுக் காலையில் கரை திரும்புவதே தொழில். பிறந்த வீட்டை விட்டு விலகிப் போய்ச் சம்பாதிப்பதும், ஊர் தூங்கும் நேரத்தில் விழித்திருப்பதும் 12-ஆம் வீட்டுச் சமாச்சாரங்கள்தான். ஆகவே லக்னாதிபதி 12-ல் என்றால் நான் எடுக்கும் முதல் பொருள்: இவருடைய வாழ்க்கை பிறந்த இடத்திலிருந்து வெளிப்பக்கம் நகர்கிறது. அதற்குமேல் இந்தப் படியில் எதுவும் சொல்லக் கூடாது.

கூடவே, லக்னாதிபதிக்கு இன்னொரு வீடு சொந்தமா என்று பாருங்கள். குருவுக்கு மீனமும் சொந்தம். தனுசு லக்னத்துக்கு அது 4-ஆம் வீடு. தாய், வீடு, நிலம் எல்லாம் அங்கே. 4-க்கு உடையவரும் 12-ல் இருப்பதால், பிறந்த வீட்டில் நிலைத்து இருக்க விடாது என்பது இன்னும் உறுதியாகிறது. ஆனால் குருவுக்கு 5, 7, 9 பார்வைகள் உண்டு. விருச்சிகத்திலிருந்து 5-ஆம் பார்வை மீனத்தில் விழுகிறது. தன் வீட்டைத் தானே பார்க்கிறார். போனவர் ஊரை மறக்க மாட்டார். வெளியே சம்பாதித்து இங்கே வீடு கட்டுவார், தாயைக் கவனிப்பார் என்று இதைப் படிக்கலாம்.

படி 4: வீடு கொடுத்தவர் எங்கே?

என் அனுபவத்தில் பலன் தீர்மானமாவது இந்தப் படியில்தான். அவசரத்தில் விட்டுப்போவதும் இதுவே.

குரு விருச்சிகத்தில் இருக்கிறார், விருச்சிகம் செவ்வாயின் வீடு. ஆக, குருவுக்கு வீடு கொடுத்தவர் செவ்வாய். போகிற இடத்தில் ஒருவருக்குச் சோறும் படுக்க இடமும் கொடுப்பவர் எப்படி இருக்கிறாரோ, அப்படித்தான் அவர் பிழைப்பும் இருக்கும். குருவுக்குச் செவ்வாய் நண்பர், எனவே இருப்பது நட்பு வீடு. அது முதல் நல்ல குறிப்பு.

அப்புறம் செவ்வாய் நிற்கும் இடம். இந்த ஜாதகத்தில் அவர் கன்னியில், அதாவது 10-ஆம் வீட்டில். கன்னி செவ்வாய்க்குப் பகை வீடுதான். ஆனாலும் 10-ல் செவ்வாய்க்குத் திக்பலம் உண்டு. தொழில் வீட்டில் அவர் வலுவாக நிற்பார். அங்கிருந்து தன் 4-ஆம் பார்வையால் தனுசை, அதாவது லக்னத்தையே பார்க்கிறார். மறைந்திருக்கும் லக்னாதிபதிக்கு வீடு கொடுத்தவர் 10-ஆம் வீடான கேந்திரத்தில் நின்று லக்னத்தைப் பார்க்கும்போது, "மறைஞ்சிட்டார்" என்று சொல்லி முடிக்க முடியாது.

சேர்த்துப் படித்தால்: இவர் ஊரை விட்டுத் தொழிலுக்காகப் போவார். செவ்வாய் சார்ந்த வேலை, அதாவது இயந்திரம், வெல்டிங், கட்டுமானம், கப்பல் எஞ்சின், காவல், ராணுவம் போன்றவை அதற்கு வழி. பகை வீட்டில் இருப்பதால் மேலதிகாரிகளோடு உரசல் வரும். தொழில் கை கொடுக்கும். சம்பாத்தியம் இங்குள்ள வீட்டுக்கு வந்து சேரும்.

அதே குரு, வேறு செவ்வாய்

இப்போது ஆப்பில் தேதியை 1995 ஏப்ரல் 15, இரவு 11 மணி என்று மாற்றுங்கள். லக்னம் மறுபடியும் தனுசு. குரு மறுபடியும் விருச்சிகத்தில் 12-ல், இம்முறை பின்னோக்கி நகரும் வக்ர நிலையில். மேலோட்டமாகப் பார்க்கிறவர் இரண்டுக்கும் ஒரே பலன் சொல்வார்.

செவ்வாயைத் தேடுங்கள். கடகத்தில், 8-ஆம் வீட்டில், நீசமாக இருக்கிறார். 12-ல் மறைந்தவருக்கு வீடு கொடுத்தவர் 8-ல் மறைந்து பலமிழந்திருக்கிறார். திசை அதே வெளிப்பக்கம்தான். ஆனால் போகிற இடத்தில் தாங்குகிறவர் பலவீனம்: சொன்ன வேலை ஒன்று, கிடைத்தது ஒன்று என்று ஆவதும், பாதியில் திரும்பி வந்து மறுபடி கிளம்புவதும் இத்தகைய அமைப்பில் எதிர்பார்க்க வேண்டியவை. குருவின் வக்ரமும் அந்தப் போவது வருவதை ஒத்துத்தான் இருக்கிறது.

இங்கேயும் நிறுத்திவிடக் கூடாது. குருவின் 9-ஆம் பார்வை நேராக அந்தச் செவ்வாய் மேல் விழுகிறது. செவ்வாய்க்கு வீடு கொடுத்த சந்திரன், பௌர்ணமிச் சந்திரனாக லாப ஸ்தானமான 11-ல் இருக்கிறார். ஆகவே முதல் பயணம் தடுமாறினாலும் பின்னால் வருமானம் நிலைக்கும். இந்த ஜாதகத்தோடு வருகிறவரிடம் நான் சொல்வது: "போகலாம் தம்பி. ஏஜென்ட் வாய்ப்பேச்சை மட்டும் நம்பாமல், விசாவையும் வேலை ஒப்பந்தத்தையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுப் போங்க."

படி 5: எப்போது நடக்கும்?

கட்டம் திசையைக் காட்டும், காலத்தைத் தசாபுக்திதான் காட்டும். லக்னாதிபதியின் தசையோ, அவருக்கு வீடு கொடுத்தவரின் தசையோ, அல்லது வேறொரு தசையில் இவர்களின் புக்தியோ வரும்போது இந்த நகர்வு கண்ணுக்குத் தெரியும். நம் உதாரணத்தில் குரு தசை 16 ஆண்டு, செவ்வாய் தசை 7 ஆண்டு. எந்த வயதில் வரும் என்பதைப் பிறந்த நட்சத்திரம் தீர்மானிக்கிறது. ஆப்பில் தசை அட்டவணை இருக்கும். செவ்வாய் தசை பள்ளிக்கூட வயதிலேயே முடிந்துவிட்டால், அப்பா வெளிநாட்டில் இருந்ததாகவோ பிள்ளை விடுதியில் தங்கிப் படித்ததாகவோ அது நடந்திருக்கலாம். அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டால், அடுத்த காலத்தைச் சொல்லும்போது தடுமாற்றம் இருக்காது.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. லக்னாதிபதியோ வீடு கொடுத்தவரோ ராசியின் விளிம்பில் இருந்தால், வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு ராசியும் திருக்கணிதத்தில் வேறு ராசியும் வரக்கூடும். ஊரில் எழுதிய பழைய ஜாதக நோட்டும் ஆப்பும் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் இந்தக் காரணத்தைப் பாருங்கள். எந்தக் கணிதத்தை எடுத்தாலும், அதே கணிதத்தில் கட்டத்தையும் தசையையும் போட்டுப் படிக்க வேண்டும். கட்டம் நோட்டிலிருந்தும் தசை ஆப்பிலிருந்தும் எடுத்தால் வருஷக் கணக்கு ஒட்டாது.