வாட்ஸ்அப் கட்டைவிரலை நம்பி பேக்கிங்கை நிறுத்தலாமா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் வேலையில் பாதிக்குமேல் போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான் ஓடுகிறது. அதில் தப்பில்லை. "டையிங்கிலிருந்து துணி வந்தாச்சா?" என்பதற்கு மெயில் போட்டால் பதில் வருவதற்குள் தையலே முடிந்துவிடும். பணமும் தேதியும் மாறுகிற விஷயத்தையும் அங்கேயே பேசி முடித்துவிடுவதுதான் முதல் தவறு.

6,000 டி-ஷர்ட் ஆர்டர், பி.ஓ.வில் ஷிப்மெண்ட் தேதி 14 என்று வைத்துக்கொள்வோம். 8ஆம் தேதி பையிங் ஆபீஸ்காரர், "கேர் லேபிள் மாறுது, பேக்கிங்கை நிறுத்துங்க, ஒரு வாரம் தள்ளிக்கலாம்" என்று வாட்ஸ்அப் அனுப்புகிறார். நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நிறுத்துகிறீர்கள். சரக்கு 21ஆம் தேதி போகிறது. வெளிநாட்டில் பையரின் கணக்குப் பிரிவு பார்ப்பதோ பி.ஓ.வை, அதில் இன்னும் 14தான். தாமதத்துக்குத் தள்ளுபடி கேட்கிறார்கள். தேதியைத் தள்ளச் சொன்னவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதே இப்போது கேள்வி. அவர் வேலை மாறிப் போயிருந்தால், அந்தச் செய்தி உங்கள் போனில் மட்டும்தான் இருக்கும். மறையும் செய்திகளை ஆன் செய்திருந்தால் அதுவும் இருக்காது.

இந்த இடத்தில் முதலில் போன்தான் போட வேண்டும். யார் முடிவு, புது லேபிள் எப்போது வரும், பேக் ஆன பீஸை என்ன செய்வது என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பேசி முடித்த கையோடு மெயில். சப்ஜெக்ட்டில் பி.ஓ. எண், ஸ்டைல் எண், "ஷிப்மெண்ட் 14லிருந்து 21" என்று இருக்கட்டும். உள்ளே பேசியதை நாலு வரியில் எழுதி, திருத்திய பி.ஓ. கேளுங்கள். பையரின் மெர்ச்சண்டைசரையும் அதில் சேருங்கள். "பதில் வராவிட்டால் சம்மதம் எனக் கொள்கிறோம்" என்ற வரியை நம்ப வேண்டாம். பதில் வரும்வரை உங்கள் தேதி 14தான்.

தலைகீழ்த் தவறும் உண்டு. இன்ஸ்பெக்ஷனில் அளவு தவறி லாட் ஃபெயில் ஆனால், இரண்டு பக்கமும் முதலாளிகளை சிசி-யில் வைத்து மெயில் சண்டை தொடங்கிவிடும். எல்லோரும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே எழுதுவார்கள். எந்தப் பெட்டியைத் திறந்து திரும்ப அளப்பது என்பது யார் மெயிலிலும் இருக்காது. அதைப் போனில் பேசி முடிவு செய்துவிட்டு, முடிவை மட்டும் மெயிலில் போடுங்கள்.

கலர் அப்ரூவலைப் போன், வாட்ஸ்அப், மெயில் மூன்றை மட்டும் வைத்து முடிக்க முடியாது. போனுக்குப் போன் நிறம் மாறும் என்பதால் லேப் டிப் துணி கூரியரில் போய், லைட் பாக்ஸில் பார்த்த பிறகுதான் மெயிலில் ஓகே.

"எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று நூல் மில்லிடமிருந்து மெயில் வந்தால் மட்டும் மெயிலையே நம்பக்கூடாது. மெயிலுக்குள் புகுந்த திருடன் பழைய பேச்சின் தொடர்ச்சியாகவே எழுதுவான். அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். உங்கள் பெயரில் பையருக்கும் அப்படியொரு மெயில் போகலாம். அவர் யாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பதை முதல் ஆர்டரின்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.