"போயிடுங்க" என்று சொல்லாமல் விடைகொடுப்பது

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டில் அத்தை கடைசி நாலு நாள் கண் திறக்கவில்லை. மூச்சு வேகமாக ஏறும், மெல்ல இறங்கும், சில விநாடி அப்படியே நிற்கும், பிறகு மறுபடி தொடங்கும். கடைசி நேரத்தில் மூச்சு இப்படி மாறுவது உண்டு என்று வீட்டுக்கு வந்துபோன நர்ஸ் சொன்னார். பார்க்க வந்த சனமோ கட்டிலைச் சுற்றி நின்று, "என்ன ஆசை பாக்கியோ, உசுரு இழுத்துக்கிட்டே கெடக்கு. மண்ணைக் கரைச்சு ஊத்துங்க" என்றது.

கண் மூடிக் கிடப்பவருக்குக் காதும் கேட்காது என்று நினைப்பதுதான் முதல் தவறு. சாவதற்குச் சில மணி நேரம் முன்புகூட, பேச்சுமூச்சில்லாமல் கிடந்த சிலரின் மூளை ஒலிக்கு அசைந்து கொடுத்ததை 2020இல் வெளியான ஒரு கனடா ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அர்த்தம் புரிந்ததா என்பது வேறு விஷயம். கேட்கிறது என்றே வைத்துப் பேச வேண்டும். விழுங்க முடியாதவர் வாயில் பாலோ மண்தண்ணியோ ஊற்றினால் புரையேறித் திணறுவார்; ஈரப் பஞ்சால் உதட்டைத் தொட்டால் போதும்.

என் வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான், "எங்களைப் பத்தி நெனைக்காம போயிடும்மா" என்றார். கடைக்குக் கிளம்பினாலே "போயிட்டு வர்றேன்" என்று சொல்லும் வீடு இது. வெறும் "போ" விரட்டுவது மாதிரி கேட்கிறது. "களைச்சுட்டீங்க அத்தை, நிம்மதியா தூங்குங்க" என்றேன் நான்.

அதைவிடப் பெரிய தவறு, "எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம்" என்று மொத்தமாகச் சொல்வது. அத்தைக்கு இருந்தது எல்லாக் கவலையும் அல்ல, மூணே மூணு. கையைப் பிடித்துக்கொண்டு, காதருகில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "குழுக் கடன்ல ரெண்டு தவணைதான் பாக்கி, நான் கட்டிடுவேன். சினை மாட்டை விக்க மாட்டோம். சின்னவளுக்கு இந்த வீட்டுல எப்பவும் இடம் இருக்கு." சின்னவளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டதாகச் சொல்லலாமே என்றார் ஒருவர். வேண்டாம் என்றேன். பொய் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை.

"தம்பி வர்ற வரைக்கும் இருங்க" என்றும் கட்டிப்போடக் கூடாது. திருப்பூரிலிருந்து கிளம்பியவன் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸில் மாட்டிக்கொண்டான். போனை அத்தை காதில் வைத்தோம். "அம்மா, நான் நல்லா இருக்கேன். எனக்காகக் காத்திருக்க வேணாம்மா" என்றான். அழுதான்தான். அழுவது தப்பில்லை. "என்னை விட்டுட்டுப் போயிடாதே" என்று அழாமல் இருந்தால் சரி.

இதெல்லாம் சொன்னதும் உயிர் அடங்கிவிடாது. அத்தை அதற்கப்புறம் ஒன்றரை நாள் இருந்தார். ஒருமுறை சொன்னதையே மணிக்கொருதரம் சொன்னால் அவசரப்படுத்துவது போலாகும். நெற்றி சுருங்கி முனகினால் அது பெரும்பாலும் வலி. அப்போது வார்த்தை உதவாது, நர்ஸைத்தான் கூப்பிட வேண்டும்.

விடிகாலையில் டீ வைக்க அடுப்படிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது. கம்பளிக்கு வெளியே இருந்த கை இன்னும் சூடாக இருந்தது.