கெஸ்ட் விட்டுச்சென்ற பொருள்: பதிவேட்டில் எழுதுவது முதல் ஒப்படைப்பது வரை

ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் மேசைக்கு வந்த புதிதில், ஒரு மோதிரத்தைப் பதிவேட்டில் "தங்க மோதிரம், வைரக்கல்" என்று எழுதி வைத்தேன். கெஸ்ட் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "என்னுடையது அசல். இது முலாம் பூசியது, மாற்றிவிட்டீர்கள்" என்றார். மோதிரம் மாறவே இல்லை. ஆனால் தங்கம் என்று எழுதியது என் கைதான், அதனால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறை இது.

1. பொருள் கிடைத்ததும்

ரூம் அட்டெண்டன்ட் பொருளை டிராலியில் போடக்கூடாது. அறையிலிருந்தே மேசைக்குப் போன் செய்ய வேண்டும். நாம் உடனே ஃப்ரண்ட் ஆபீஸில் கேட்க வேண்டும். கெஸ்ட் இன்னும் பில் கட்டிக்கொண்டிருந்தால் வேலை அங்கேயே முடிந்துவிடும். செக்-அவுட் ஆகாத அறையென்றால் அது தொலைந்த பொருளே அல்ல. இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

2. எழுதுவது

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். உலோகம் எது, கல் எது, கம்பெனி அசலா என்று முடிவு செய்வது நம் வேலை இல்லை. அதே மோதிரத்தை இன்று இப்படி எழுதுவேன்:

"வரிசை எண் 57. அறை 412. குளியலறையில் வாஷ்பேசின் ஓரம். காலை 11.20. மஞ்சள் நிற உலோக மோதிரம் 1, வெள்ளைக் கல் 1, உட்புறம் இரண்டு எழுத்துகள்." அப்புறம் கண்டெடுத்தவர் பெயர், வாங்கிக்கொண்டவர் கையெழுத்து.

"அறை 412" என்று மட்டும் எழுதினால் போதாது. கட்டிலுக்கு அடியிலா, அலமாரியிலா என்பதுதான் பின்னால் உதவும். பணமென்றால் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று எழுதி, கவரை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டுதான் என் தேர்வு. அதில் தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். தப்பாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளை மை வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலும் வைத்துக்கொள்ளலாம், தேடுவதற்கு மட்டும்.

3. வைப்பது

பணம், நகை, பாஸ்போர்ட், போன் எல்லாம் டியூட்டி மேனேஜர் பொறுப்பில் இருக்கும் பாதுகாப்புப் பெட்டிக்குப் போக வேண்டும். மற்றவை ஜிப் பையில், வரிசை எண் டேக் கட்டி, பூட்டிய அலமாரியில். ஈரத்துணியைக் காயவைத்த பிறகே பையில் போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். எத்தனை நாள் வைப்பது என்பதை உங்கள் ஊர்ச் சட்டமும் ஹோட்டல் விதியும் சொல்லும். கடைசித் தேதியை டேக்கிலேயே எழுதிவிடுங்கள்.

4. கேட்டு வரும்போது

நாமாகக் கெஸ்ட் வீட்டுக்குப் போன் செய்து "உங்கள் பொருள் இங்கே இருக்கிறது" என்று சொல்லக்கூடாது. போனை எடுப்பவருக்கு அவர் இங்கே தங்கியதே தெரியாமல் இருக்கலாம். பாஸ்போர்ட், மருந்து போல அவசரமானவை என்றால் மேனேஜரிடம் சொல்லுங்கள். அவர் அந்த கெஸ்ட்டிடம் மட்டும் நேரடியாகப் பேசட்டும்.

அவர்களே கேட்டால் நாம் அடையாளம் சொல்லிவிடக்கூடாது. "வெள்ளைக் கல் வைத்ததா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். என்றைக்குத் தங்கினார், எங்கே கழற்றி வைத்தார், பொருள் எப்படி இருக்கும் என்று அவரையே சொல்ல விடுங்கள். மோதிரத்தின் உட்புற எழுத்துகளை அவராகவே சொன்னால் சந்தேகம் தீர்ந்தது.

5. ஒப்படைப்பது

அடையாள அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் அதே வரிசை எண்ணுக்கு எதிரே கையெழுத்து வாங்குங்கள். வேறொருவர் வந்தால் உரியவர் எழுதிக்கொடுத்த கடிதம் வேண்டும். கூரியரில் அனுப்பினால் ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். பவர் பேங்க், போன் போன்றவற்றில் லித்தியம் பேட்டரி இருப்பதால் விமானப் பார்சலில் கட்டுப்பாடு உண்டு. முன்பே கூரியரில் விசாரித்துவிட்டு கெஸ்ட்டுக்குத் தேதி சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: கட்டிலுக்கு அடியில் கிடைத்த கண்ணாடியை, கடைசியாகத் தங்கியவருடையது என்று எண்ணி வேறு ஆளுக்கு அனுப்பிவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது எளிதில் நேரும் தவறு. அங்கே கிடப்பது அதற்கு முன் தங்கியவருடையதாகவும் இருக்கலாம். அதனால் உரியவர் பெயர் என்ற கட்டத்தை யாராவது கேட்டு வரும்வரை காலியாக விடுங்கள். தங்கும்போது அறை மாறியவர்களும் உண்டு. கேட்பவர் சொல்லும் அறை எண்ணில் பொருள் இல்லையென்றால், அவர் பெயரில் எந்தெந்த அறைகள் இருந்தன என்று ஃப்ரண்ட் ஆபீஸில் பார்த்த பிறகே "இல்லை" என்று சொல்லுங்கள்.